காய்ச்சல் வலிப்பு: கடிகாரத்தைப் பாருங்கள்

கண்கள் மேலே செருகிக்கொள்கின்றன. உடம்பு விறைத்து, கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. உதடு நீலம் பூக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது. மடியில் கிடக்கும் குழந்தை இப்படி ஆனதைப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் உயிர் போய்விட்டது என்றுதான் தோன்றும். ஆனால் பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. ஒன்றரை வயதை ஒட்டித்தான் அதிகம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளை காய்ச்சலைத் தாங்கும் திறனில் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு உண்டு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுவயதில் வந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல். பல வீடுகளில் வலிப்பு வந்த பிறகுதான் உடம்பு சுடுவதே தெரியவரும். ஆகவே ‘நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனே’ என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை மிகக் குறைவு. குழந்தையைத் தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வழிந்துவிடும். கழுத்தை இறுக்கும் துணியைத் தளர்த்துங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் அரை நிமிடம்கூட அரை மணிபோலத் தெரியும் என்பதால், மணி பார்த்தால்தான் உண்மையான நேரம் தெரியும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் இழுப்பு நிற்பதில்லை. அது நிற்கிற நேரத்தில் நிற்கிறது, சாவிக்குப் பெயர் கிடைக்கிறது. பல்லுக்கிடையே கரண்டி செருகுவதுதான் உண்மையில் ஆபத்து: பல் உடையும், உடைந்த துண்டு தொண்டைக்குள் போகும். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரோ மருந்தோ வாயில் ஊற்றக் கூடாது.

ஐந்து நிமிடம் கடந்தும் இழுப்பு நிற்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். நீண்ட வலிப்பு தானாக நிற்பது கடினம், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

முதல் வலிப்புக்குப் பிறகு பெற்றோருக்குக் காய்ச்சல் என்றாலே கிலி பிடித்துவிடுகிறது. தெர்மாமீட்டரில் 100 காட்டினாலே மருந்து, இரண்டு மணி நேரத்தில் இன்னொரு வேளை, நடுவில் ஐஸ் தண்ணீரில் துடைப்பது. புதிய ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

பத்து கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது 150 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்குள்ளேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதில் ஒன்றரை மில்லி போதும். ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் மூன்று மில்லி. ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதென்றால் ஆறு மில்லிக்குச் சற்று மேல். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் ஆறு மில்லி ஊற்றினால் நான்கு வேளை மருந்து ஒரே வாயில் போய்விடுகிறது. இதே தவறு தொடர்ந்தால் ஈரல் கெடும். பாட்டிலின் பெயரை விட்டுவிட்டு, அதில் எழுதியிருக்கும் மில்லிகிராமைத்தான் படிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

இவ்வளவு கவனமாகக் கொடுத்தாலும் அடுத்த காய்ச்சலில் வலிப்பு வராது என்று உறுதி சொல்ல முடியாது. பின்லாந்தில் 231 குழந்தைகளிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், காய்ச்சல் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் மறுபடி வலிப்பு வருவதில் வேறுபாடு தெரியவில்லை. பிள்ளை சோர்ந்து, வலித்து அழுதால் அதைத் தணிக்கத்தான் மருந்து. தாய்ப்பால், கஞ்சி, இளநீர் என்று அடிக்கடி கொடுத்து, மெல்லிய துணி உடுத்தினால் போதும். குளிர்ந்த நீரில் துடைத்தால் நடுக்கம் எடுத்து உள்ளே சூடு கூடும்.

முதல் முறை வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 24 மணி நேரத்துக்குள் திரும்ப வந்தாலோ, ஒரு மணி நேரமாகியும் பழையபடி விழித்துப் பார்க்காவிட்டாலோ, கழுத்து விறைத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, ஆறு மாதம் நிறையாத குழந்தையானாலோ மூளைக்காய்ச்சலா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றில் ஒரு குழந்தைக்கு இது மீண்டும் வரும். அமெரிக்காவில் 1,706 குழந்தைகளை ஏழு வயதுவரை தொடர்ந்து கவனித்தபோது, சாதாரண காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் மிகச் சிலருக்கே பின்னாளில் கால்கை வலிப்பு வந்தது. அறிவுத்திறனில் உடன்பிறந்தவர்களைவிட அவர்கள் பின்தங்கவும் இல்லை.

வலிப்பு நீண்ட வரலாறு உள்ள பிள்ளைக்கும், ஆஸ்பத்திரி தொலைவில் உள்ள வீட்டுக்கும் மருத்துவர் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரேயை எழுதித் தரலாம். எடைக்கு எத்தனை அடி என்பதை அவரிடம் சீட்டில் எழுதி வாங்கி, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் செய்துகாட்டி வையுங்கள்.