ஜர்னல் கிளப் மினிட்ஸில் என்ன எழுதுவது?

காய்ச்சலோடு, கை கால் சில்லிட்டு வந்த குழந்தைக்கு வேகமாக சலைன் ஏற்றலாமா? மருத்துவர்களின் ஜர்னல் கிளப்பில் இப்படியொரு கேஸ் வந்தால், கூடவே படிக்க வேண்டியது 2011-இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் நடந்தது. வேகமாக சலைன் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் 10.5 சதவீதம், ஏற்றாதவர்களில் 7.3.

மினிட்ஸில் 'விவாதிக்கப்பட்டது' என்று முடித்துவிட்டால் வராதவருக்கு ஒன்றும் புரியாது. விமர்சனத்தைக் காரணத்தோடு எழுத வேண்டும்: 'பாதிக்கு மேற்பட்டோருக்கு மலேரியா. தீவிர சிகிச்சை வசதி இல்லாத மருத்துவமனைகள். வயிற்றுப்போக்குக் குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. நம் வார்டுக்கு அப்படியே பொருந்தாது.' இதை ஏற்காதவரின் வாதத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அடுத்து, செய்ய வேண்டியது. 'கவனமாக இருப்போம்' என்பது வேலை அல்ல. 'ஒவ்வொரு முறை சலைன் ஏற்றிய பின்பும் மூச்சு வேகம், கல்லீரல் அளவு குறிக்கும் படிவம். பொறுப்பு வார்டு ரெசிடென்ட். ஜூன் 15-க்குள்' என்றால் அடுத்த கூட்டத்தில் கேட்க முடியும்.