முடங்கிய ஐடியை மீட்பது எப்படி?

தட்கால் முன்பதிவு ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. படிவத்தை நொடியில் தானே நிரப்பிவிடும் மென்பொருள்களோடு டிக்கெட் தரகர்கள் ஐஆர்சிடிசி தளத்தை மொய்ப்பது அந்த முதல் சில நிமிடங்களில்தான். அவர்களைப் பிடிக்கப் போட்ட வலையில் 2.5 கோடிக்கும் மேற்பட்ட ஐடிகள் முடக்கப்பட்டதாக ரயில்வே 2025-இல் அறிவித்தது. இவ்வளவு பெரிய வலையில் சாதாரணப் பயணியும் சிக்கலாம்.

மதுரையில் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொங்கலுக்குத் தங்கை குடும்பம், மாமனார், பக்கத்து வீட்டுக்காரர் என எல்லாருக்கும் தன் ஐடியிலேயே டிக்கெட் போட்டார். அவசரத்துக்கு உதவுமென்று, விவரங்களைத் தானே நிரப்பும் நீட்சி ஒன்றையும் பிரவுசரில் சேர்த்திருந்தார். உறவினருக்கும் நண்பருக்கும் எடுத்துத் தருவது தவறே அல்ல. ஆதார் இணைத்த ஐடியில் மாதம் 24 டிக்கெட் வரை எடுக்கலாம். ஆனால் மனிதக் கை தட்டச்சு செய்ய முடியாத வேகத்தில் படிவம் நிரம்பினால், தளத்துக்கு அது தரகரின் வேலையாகவே தெரியும்.

அவர் முதலில் செய்யவேண்டியது அந்த நீட்சியை நீக்குவது. இன்னொருவர் ஐடியை இரவல் வாங்கினால் அதுவும் மாட்டிக்கொள்ளும். அடுத்து, பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்து care@irctc.co.in முகவரிக்கு எழுத வேண்டும். கோபத்தைக் கொட்டும் கடிதத்தால் பயனில்லை. எதிர்முனையில் இருப்பவர் சரிபார்க்கக்கூடிய விவரம் வேண்டும். யூசர் ஐடி, பதிவான கைபேசி எண், முடக்கம் தெரிந்த நாள், திரையில் வந்த செய்தியின் படம், அண்மையில் எடுத்த டிக்கெட்டுகளின் பிஎன்ஆர் எண்கள், ஒவ்வொன்றிலும் பயணித்தவர் தனக்கு என்ன உறவு என்பது. நீட்சி வைத்திருந்ததை மறைக்காமல், நீக்கிவிட்டதையும் சொல்லிவிடுவதே நல்லது என்பேன். ஆதார் முழு எண்ணையோ ஓடிபியையோ கடிதத்தில் எழுதக்கூடாது. கடைசியில் இரண்டே கேள்வி: எதனால் முடக்கினீர்கள், மீட்க நான் என்ன தர வேண்டும்?

பதில் வராவிட்டால் 14646 எண்ணில் பேசலாம். அதற்கும் அசையவில்லையென்றால் pgportal.gov.in தளத்தில் ரயில்வே அமைச்சகத்துக்குப் புகார் கொடுத்து, முந்தைய கடிதத்தையும் இணைக்கலாம். காரணத்தை மட்டுமாவது அறிய 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு உண்டு; பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும்.

கமிஷன் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தவருக்கு இந்த வழி உதவாது. ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவில் அதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு இணைய டிக்கெட்டுகளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்துவிட்டது.

ஐடி திரும்பும்வரை ஊர் போகாமல் இருக்க வேண்டியதில்லை. ரயில் நிலைய முன்பதிவு கவுன்டரில் டிக்கெட் எடுக்க ஐஆர்சிடிசி ஐடி தேவையில்லை.