கன்னத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

இரு கன்னங்களிலும் மூக்குத் தண்டின் மேலும் படரும் சிவப்பு, வெயிலில் போய்வந்தால் இன்னும் கூடுகிறதா? மூக்கின் ஓரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பைப் பார்க்க வேண்டும். லூபஸ் நோயின் தடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவிடும். முகத்தைச் சிவக்கவைக்கும் வேறு சில தோல் நோய்கள் அப்படி விடுவதில்லை.

லூபஸில் உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்குகிறது. பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். காலையில் விரல் மூட்டுகள் விறைத்து வலிப்பதும், தூங்கி எழுந்தாலும் தீராத அசதியும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். கடையில் தானாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு தடிப்பை மறைத்து, நோயறிதலைத் தள்ளிப்போடும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது சிறுநீரகத்தை நினைத்துத்தான். அங்கே பாதிப்பு வலியில்லாமல் தொடங்கும். அமெரிக்கப் பாடகி செலினா கோம்ஸ் தனக்கு லூபஸ் இருப்பதை 2015-இல் வெளியே சொன்னார். 2017-இல் அவருக்குத் தோழி ஒருவர் சிறுநீரகம் தந்தார்.

ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை லூபஸ் உள்ள அநேகமாக எல்லோருக்கும் பாசிட்டிவ் ஆகும். ஆனால் நோயே இல்லாத சிலருக்கும் ஆகும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற எளிய சோதனையையும் மருத்துவர் உடன் கேட்பது அதனால்தான்.