வானிலை பேசும் காதலர்கள்

செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகம் 1904இல் மாஸ்கோவில் அரங்கேறியது. அதன் கடைசி அங்கத்தில் லோபாகினும் வார்யாவும் தனியாக நிற்கும் காட்சியைக் காதல் கதை எழுத நினைப்பவர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

வீடு கைமாறிவிட்டது. எல்லோரும் மூட்டை கட்டுகிறார்கள். வார்யாவிடம் திருமணம் பற்றிப் பேசிவிடச் சொல்கிறாள் அவளுடைய வளர்ப்புத் தாய். லோபாகினும் சரி என்கிறான். வார்யா உள்ளே வந்து சாமான்களுக்கு நடுவே எதையோ தேடத் தொடங்குகிறாள். என்ன தேடுகிறாய், இனி எங்கே போவாய் என்று அவன் கேட்கிறான். வேறொரு வீட்டில் நிர்வாகம் பார்க்கப் போவதாகச் சொல்கிறாள். அவன் பேச்சைக் குளிருக்குத் திருப்புகிறான். வீட்டுத் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டதென்கிறாள் அவள். வெளியே யாரோ கூப்பிட, அவன் வேகமாகப் போய்விடுகிறான். அவள் தரையில் உட்கார்ந்து துணிமூட்டையில் தலைசாய்த்து அழுகிறாள்.

தெர்மாமீட்டருக்கு இந்தக் கனம் எப்படி வந்தது? அவர்கள் திருமணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவன்தான் வாய் திறப்பதில்லை என்று மூன்றாம் அங்கத்திலேயே வார்யா சொல்லிவிடுகிறாள். கேட்கப்பட வேண்டிய கேள்வி எது என்று நமக்குத் தெரியும். அதனால் அவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லிலும் அந்தக் கேள்வியைத் தேடுகிறோம். உட்பொருள் வசனத்துக்குள் பிறப்பதில்லை; முந்தைய பக்கங்களில் விதைக்கப்படுகிறது.

நம்மூர்க் காட்சி ஒன்றை எழுதிப் பார்ப்போம். ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள் கவிதா. பக்கத்துக் கடை ராஜா வேலை கிடைத்து அன்றிரவு சென்னைக்குப் போகிறான். "நீ போனா என்னால தாங்க முடியாது" என்று அவள் சொன்னால் வாசகருக்குத் தகவல் கிடைக்கும், அவ்வளவுதான். இப்படி எழுதலாம்:

"பஸ் எத்தன மணிக்கு?"

"ஒன்பதரைக்கு."

"சாப்பாடு?"

"வழியில பாத்துக்கலாம்."

"ஷட்டர் பூட்டு மறுபடி மக்கர் பண்ணுது."

"எட்டு மணிக்கு வந்து பாக்குறேன்."

அன்று காலை அவள் கடை திறந்தபோது பூட்டு ஒரே திருகலில் திறந்துகொண்டது என்று முன்பே ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரிதான் பூட்டைப் பற்றிய பேச்சை அழைப்பாக மாற்றுகிறது. அது இல்லாவிட்டால் இது வெறும் பழுதுபார்ப்பு. இதற்கு நேரெதிரான தவறுதான் அதிகம் கண்ணில் படுகிறது: வசனத்தின் வாலில் "என்றாள் ஏக்கத்தோடு" என்று ஒட்டுவது. வாசகர் தானே கண்டுபிடித்திருக்க வேண்டியதை அந்த ஒரு சொல் பறித்துவிடுகிறது.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. வசனத்தை மட்டும் ஒருவரிடமும், முந்தைய பக்கத்தோடு சேர்த்து இன்னொருவரிடமும் கொடுத்து, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். முதலாமவர் பூட்டு என்றும் இரண்டாமவர் ராஜா என்றும் சொன்னால் காட்சி வேலை செய்கிறது. இருவரும் பூட்டு என்றால் விதை போதவில்லை. இருவரும் ராஜா என்றால் வசனம் இன்னும் வெளிப்படையாக இருக்கிறது.

இந்த மறைப்பை நெடுநேரம் நீட்ட முடியாது. செகாவின் காட்சியே சிறியது. வெளியிலிருந்து வந்த குரல் அதை முடித்துவைக்கிறது. எட்டு மணிக்கு ராஜா வந்து சாவியைத் திருகியதும் பொய் தெரிந்துவிடும். அப்போது அவன் என்ன செய்வான் என்பதைப் பூட்டுப் பேச்சை எழுதும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.