கொத்திய பிறகு அளங்கள்

மொட்டைமாடிக்குக் கீழே கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. பள்ளம் 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழம். பெருக்கினால் 4.8 லிட்டர். ஒரு லிட்டர் பள்ளத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ ரிப்பேர் மோட்டார் தூள் பிடிக்கும் என்பதால், 10 கிலோ போதும் என்று தோன்றும். போதாது.

சுத்தியலால் தட்டினால் ‘டொப் டொப்’ என்று கேட்கும் இடமெல்லாம் உள்ளே விட்டுப்போன கான்கிரீட்தான். அதையும் கொத்தி எடுத்து, துருவைத் தேய்க்கக் கம்பிக்குப் பின்னாலும் 2 செ.மீ. இடம் விட வேண்டும். ஆழம் 4 செ.மீ. ஆனாலே தேவை 9.6 லிட்டர், அதாவது சுமார் 19 கிலோ. சிந்துவதற்கும் சேர்த்து 25 கிலோ மூட்டை ஒன்று வாங்கலாம்.

விரிசலுக்குக் கணக்கு வேறு. 2 மீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம், 15 செ.மீ. ஆழம் என்றால் உள்ளே நிற்கும் எபாக்சி 150 மில்லிதான். குழாயில் தங்குவது, மறுபக்கம் கசிவது எல்லாம் சேர்த்துக் கால் கிலோ வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் இறங்கிக்கொண்டே இருந்தால், உள்ளே வெற்றிடம் இருக்கிறது அல்லது எங்கோ ஒழுகுகிறது. நிறுத்திப் பார்க்க வேண்டும்.

விரிசல் கம்பியின் போக்கிலேயே ஓடி, துருக்கறையும் வடிந்தால் எபாக்சி ஏற்றாதீர்கள். உள்ளே துரு தொடர்ந்து வீங்கும். அங்கே கொத்திப் பூசுவதே வழி.