டயபர் கணக்கு: எதால வகுக்கணும்?

இந்த எபிசோட் கொஞ்சம் சொந்தக் கதை. நான் ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை பாக்குறேன், கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்துல வாடகை வீடு. பாப்பாவுக்கு அஞ்சு மாசம். மனைவி சம்பளமில்லாத லீவுல இருக்காங்க. அதனால வீட்ல ஒவ்வொரு செலவும் இப்போ கண்ணுக்குத் தெரியுது, அதுல டயபர் முதல் வரிசையில நிக்குது.

ஒரு டயபர் என்ன விலைன்னு கேட்டா, பாக்கெட் விலையை உள்ள இருக்குற எண்ணிக்கையால வகுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் அதைத்தான் செஞ்சேன். அங்கதான் தப்பு நடந்துச்சு.

நான் எழுதி வச்ச கணக்கைச் சொல்றேன். பிராண்ட் பேர் வேண்டாம், விலை வாரத்துக்கு வாரம் மாறும், முறைதான் முக்கியம். ஸ்மால் சைஸ், பேன்ட் டைப். தெருமுனை மளிகைக் கடையில 7 பீஸ் 99 ரூபாய், ஒண்ணு 14 ரூபாய் 14 காசு. சூப்பர் மார்க்கெட்ல 50 பீஸ் 620 ரூபாய், ஒண்ணு 12.40. ஆன்லைன்ல 140 பீஸ் பெட்டி 1,480 ரூபாய், ஒண்ணு 10.57. யோசிக்கவே இல்லை, பெரிய பெட்டியைப் போட்டுட்டேன்.

அப்போ பாப்பா எடை 7.3 கிலோ. ஸ்மால் சைஸ் பெரும்பாலான பிராண்டுல 4 முதல் 8 கிலோ வரை. இன்னும் இடம் இருக்கேன்னு நினைச்சேன். ஆனா 18 நாள்ல தொடை மடிப்புல எலாஸ்டிக் பதிஞ்சு சிவப்புக் கோடு விழ ஆரம்பிச்சுது, முதுகுப் பக்கமா ரெண்டு மூணு தடவை லீக் ஆச்சு. சைஸ் பத்தலைன்னு காட்டுற அடையாளமே இதுதான். பாக்கெட்ல போட்டிருக்குற கிலோ ஒரு வழிகாட்டி மட்டும்தான். குழந்தையோட தொடை, வயிறு எப்படி இருக்கோ அதைப் பொறுத்து முன்னாடியே மாத்த வேண்டி வரும்.

எங்க வீட்ல பகல்ல கொஞ்ச நேரம் அம்மா துணி கட்டிவிடுவாங்க. அதனால ஒரு நாளைக்கு 5 டயபர். 18 நாள்ல 90 பீஸ் போச்சு, 50 பீஸ் பெட்டியிலேயே தங்கிருச்சு. இப்போ 1,480ஐ 140ஆல வகுக்கக் கூடாது, 90ஆல வகுக்கணும். வர்றது 16.44. தெருமுனைக் கடையில வாங்கின 7 பீஸ் பாக்கெட்டை விட எனக்கு அதிகமா ஆயிருக்கு!

இதுலருந்து ஒரு சின்ன சூத்திரம் எடுத்துக்கிட்டேன். பெரிய பெட்டி விலையை, அடுத்த சின்ன பாக்கெட்டோட ஒரு பீஸ் விலையால வகுங்க. 1,480ஐ 12.40ஆல வகுத்தா கிட்டத்தட்ட 120. அதாவது 120 பீஸாவது பாப்பா உடம்புல ஏறினாத்தான் பெரிய பெட்டி லாபம். ஒரு நாளைக்கு 5ன்னா 24 நாள். "இந்த சைஸ் இன்னும் 24 நாள் தாங்குமா?"ன்னு உங்களையே கேளுங்க. இந்த வயசுல குழந்தைங்க மாசத்துக்கு அரைக் கிலோ வரைகூட ஏறலாம். சைஸோட மேல் எல்லைக்குப் பக்கத்துல இருந்தா 50 பீஸ் பாக்கெட் போதும். சைஸ் மாத்தின முதல் வாரம்தான் பெரிய பெட்டிக்கு நல்ல நேரம், அதுவும் ஒரு சின்ன பாக்கெட் போட்டுப் பாத்து ஒத்துவந்த பிறகு.

அடுத்தது, மலிவான பிராண்ட். 72 பீஸ் 540 ரூபாய், ஒண்ணு 7.50தான். வாங்கிப் பாத்தோம். ஈரம் சீக்கிரம் மேல வந்துருச்சு, ராத்திரி ஒண்ணு கூடுதலா மாத்த வேண்டி வந்துச்சு, பகல்லயும் ஒண்ணு கூடிச்சு. ஆக 5 போட்ட இடத்துல 7. ஒரு நாளைக்கு 52.50. பெரிய பெட்டியை முழுசா பயன்படுத்தினா 5 பீஸுக்கு 52.85. ரெண்டும் ஒண்ணுதான்! இதுக்காகத்தான் பிராண்டை ஒப்பிடும்போது ஒரு பீஸ் விலையை விட ஒரு நாள் விலையைப் பாக்கணும். மூணு நாள் எண்ணிப் பாத்தா போதும்.

இப்போ நாங்க செய்யுறது கலப்பு. பாப்பா மலம் போனா எந்த டயபரா இருந்தாலும் உடனே மாத்தித்தான் ஆகணும், அதிக நேரம் தாங்குற டயபருக்குப் பகல்ல பெரிசா வேலை இல்லை. அதனால பகல்ல மலிவானது 5, ராத்திரிக்கு நல்லது 1. மொத்தம் 48.07. மாசத்துக்கு 143 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லை, ஆனா உண்மையான தொகை. ஒண்ணு மட்டும் கவனம்: காசு மிச்சம் பண்ண ஈரமான டயபரை இழுத்துக்கிட்டே போகாதீங்க. தோல் சிவந்து புண்ணாச்சுன்னா டாக்டர் ஃபீஸ், க்ரீம்னு அந்த 143 ஒரே நாள்ல போயிரும்.

சப்ஸ்கிரிப்ஷனுக்கு வருவோம். 5 சதவீதம் தள்ளுபடின்னா 1,480 பெட்டி 1,406, ஒண்ணு 10.04. நல்லாத்தான் இருக்கு. ஆனா பொதுவா இதுல உறுதியா இருக்குறது சதவீதம் மட்டும்தான், விலை இல்லை. அடுத்த மாசம் ஆர்டர் போகுற அன்னைக்கு என்ன விலையோ அதுலதான் கழிப்பாங்க. ரெண்டாவது, குழந்தை வளர்ந்தது ஆப்புக்குத் தெரியாது. பழைய சைஸே வந்து நிக்கும். மூணாவது, சைஸ் ஏறும்போது அதே விலைக்குப் பீஸ் குறையும். 1,480க்கு 140 வந்த இடத்துல 120 வந்தா ஒண்ணு 12.33. பில் மாறாததால நமக்கு உறைக்கவே உறைக்காது. நான் ஆர்டர் போகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன்ல அலாரம் வச்சிருக்கேன்: எடை, விலை, எண்ணிக்கை மூணையும் பாத்துட்டு, தேவைன்னா அந்த மாசத்தை ஸ்கிப் பண்ணிடுவேன்.

பாக்கெட்லயே ஒரு பீஸ் விலை போட்டிருக்கேன்னு கேப்பீங்க. பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகள்ல 2021ல வந்த திருத்தம் அதைக் கட்டாயமாக்குச்சு. ஆனா அது எம்ஆர்பியை வச்சுப் போட்டது. என் பெட்டியில எம்ஆர்பி 2,100, அச்சடிச்ச விலை 15 ரூபாய். நான் குடுத்தது 10.57. ஒரு பிராண்ட் எம்ஆர்பியை ஏத்தி வச்சுத் தள்ளுபடி குடுக்கும், இன்னொண்ணு குடுக்காது. அதனால ஒப்பிட அந்த எண் உதவாது.

கடைசியா, நம்ம ஊர் கேள்வி. "பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில வாங்கினா மலிவா?"ன்னு எங்க ஷிஃப்ட்ல ஒருத்தர் கேட்டார். வாட் காலத்துல மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறுச்சு. 2017 ஜூலையிலருந்து ஜிஎஸ்டி, ரெண்டு பக்கமும் ஒரே வரி. 2025 செப்டம்பர் 22லருந்து குழந்தை டயபருக்கு அது 12லருந்து 5 சதவீதமாச்சு, அதுவும் ரெண்டு பக்கமும்தான். அங்க மலிவா கிடைச்சா அது அந்தக் கடைக்காரர் குடுக்குற தள்ளுபடி. 50 பீஸ் பாக்கெட்ல 40 ரூபாய் குறையுதுன்னு வச்சுக்கோங்க, போய் வர பெட்ரோல் 80 ரூபாய் ஆனா கணக்கு தலைகீழ்.

மிச்சமிருந்த அந்த 50 பீஸ்? பக்கத்து வீட்ல ரெண்டு மாசக் குழந்தை இருக்கு. அவங்க 500 ரூபாய்க்கு வாங்கிக்கிட்டாங்க. திரும்பக் கணக்குப் போட்டேன்: 980ஐ 90ஆல வகுத்தா 10.89. தப்பிச்சேன். ஆனா ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்ல குழந்தை பொறக்காதே!