கணக்குத் தொடங்கச் சொன்ன பொத்தான்

கூடையில் பொருளைப் போட்டவர் பணம் கட்டாமல் நழுவுவது ஏன்? அமெரிக்க ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய ஓர் இணையக் கடையின் கதையில் விடை இருக்கிறது. அங்கே பணம் கட்டும் முன் ‘பதிவு செய்க’ என்றொரு படிவம் வழிமறித்தது. புதியவர்கள் எரிச்சலடைந்தார்கள், பழையவர்களோ கடவுச்சொல் மறந்து தவித்தார்கள். அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று வைத்து, கணக்கு கட்டாயமில்லை என ஒரு வரியும் சேர்த்தார்கள். வாங்கியவர்கள் 45 சதவீதம் கூடினார்கள்.

சிறு கடைச் செயலிக்குப் பெயர், கைபேசி எண், முகவரி போதும். கணக்கு வேண்டுமா என்பதை ஆர்டர் முடிந்தபின் கேட்கலாம்.

டெலிவரி கட்டணம் இன்னொரு வில்லங்கம். 450 ரூபாய்ச் சரக்குக்குக் கடைசித் திரையில் 60 ரூபாய் ஏறினால் ஆள் ஓடிவிடுவார். பின்கோடைக் கூடைப் பக்கத்திலேயே கேட்டு, மொத்தம் 510 ரூபாய் என்று அங்கேயே காட்டிவிடுங்கள்.